புது வீட்டுக்கு தண்ணி கனெக்ஷன் வாங்கப் போறீங்களா, புரோக்கர்கிட்ட மட்டும் பணத்தைக் குடுத்துடாதீங்க

போன வருஷம் வீடு கட்டி முடிச்சோம். பால் காய்ச்சறதுக்கு முன்னாடி குடிநீர் இணைப்பு வாங்கிடலாம்னு நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக்கிட்டுதான் போனேன். கவுண்டர்ல இருந்தவங்க ரெண்டு நிமிஷம் புரட்டிப் பாத்துட்டு, "இதுல பேரு ஒத்து வரலையே சார்"னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

இடம் அம்மா பேர்ல இருந்துச்சு, பிளானும் அவங்க பேர்லதான் வாங்கினோம். வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே அம்மா எனக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா வீடு முடிஞ்சதும் வரி போட வந்தப்ப பிளானைப் பாத்து அம்மா பேர்லயே வரி போட்டுட்டாங்க, நானும் கவனிக்கல. ஆக பத்திரம் என் பேர்ல, வரியும் பிளானும் அம்மா பேர்ல. என்ன பண்ணணும்னு கேட்டா "வரியில பேரு மாத்திட்டு வாங்க"ன்னு ஒரே வரி, அதுக்கு மேல விளக்கம் இல்ல.

வெளிய வந்தா ஜெராக்ஸ் கடை வாசல்ல ஒரு ஆள். "என்ன சார், பேர் மாத்தச் சொன்னாங்களா? அது ஆறு மாசம் ஆகும், பிளானையும் மாத்தணும், நான் முடிச்சுத் தரேன்"னு ஆரம்பிச்சான். மொத்தம் 28,000. அதுல டெபாசிட், ரோடு கட்டிங், பிட்டர் கூலி எல்லாம் அடக்கம்னு சொன்னான். நானும் லீவு போட முடியாத ஆளு, குடுத்துட்டேன். ரசீதுன்னு ஒண்ணு குடுத்தான், கடையில விக்கிற பில் புக்குல பேனால எழுதி ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நகராட்சிக்குக் கட்டின பணம்னா ரசீது நம்பரும் தேதியும் எந்த கணக்குல கட்டினதுங்கறதும் பிரிண்ட் ஆகி வரும், இது அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

பத்து நாள்ல காலைல அஞ்சரைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. மெயின் லைன் எதிர்ப்பக்கம், நடுவுல சிமெண்ட் ரோடு. வெட்டி, மெயின்ல கிளாம்ப் மாட்டி, கருப்பு பைப்பை இழுத்து வீட்டு வாசல்ல விட்டுட்டு ஏழு மணிக்குள்ள மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க. தண்ணியும் வந்துச்சு, அம்மா குடத்துல பிடிச்சு சாமி படத்துக்கு வச்சாங்க! இணைப்பு நம்பர் எங்கன்னு கேட்டா "கம்ப்யூட்டர்ல ஏற லேட் ஆகும் சார்"னான்.

ரெண்டு மழை பெஞ்சதும் வெட்டின இடம் பள்ளமாயிடுச்சு, ஒரு பால்காரர் வண்டியோட விழுந்தார். தெருக்காரங்க புகார் குடுக்க லைன் பாக்கறவர் வந்தார், எங்க வீட்டு பைப்பைப் பாத்துட்டு இணைப்பு நம்பர் கேட்டார். அதுதான் இல்லையே. அவர் ரெஜிஸ்டர்ல பாத்தா எங்க கதவு எண்ணுக்கு இணைப்பே கிடையாது, யாரும் மனுகூட குடுக்கல. அன்னிக்கே மெயின்ல கட் பண்ணி அடைச்சுட்டாங்க. அனுமதி இல்லாத இணைப்புன்னு நோட்டீஸ் வந்தது என் பேருக்குத்தான், புரோக்கர் பேருக்கு இல்ல. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம்தான் வயித்தெரிச்சலே. ஒரு நாள் லீவு போட்டு வருவாய்ப் பிரிவுல உக்காந்து கேட்டேன். வரியில பேர் மாத்த அவங்க கேட்டது செட்டில்மெண்ட் பத்திர நகல், வில்லங்கச் சான்று, நிலுவை இல்லாம கட்டின வரி ரசீது, ஒரு மனு, அவ்ளோதான். பிளானை மாத்தவே வேணாமாம், அதுல இருக்கற சர்வே நம்பரும் பத்திரத்துல இருக்கற சர்வே நம்பரும் ஒண்ணா இருந்து, அம்மாகிட்ட இருந்து எனக்கு வந்ததுன்னு பத்திரம் காட்டினாலே போதும்னாங்க. எங்களுக்கு பட்டா உட்பிரிவு ஆனதுல சர்வே நம்பருக்குப் பின்னாடி ஒரு எழுத்து சேர்ந்திருந்துச்சு, அதுக்கு மட்டும் பழைய பட்டாவையும் சேத்து வச்சேன். மூணு வாரத்துல பேர் மாறிடுச்சு. ஆறு மாசம்னானே, படுபாவி!

அதுக்கப்புறம் மனு போட்டேன், பிட்டர் வந்து தூரம் அளந்தார், டெபாசிட்டும் ரோடு வெட்டற கட்டணமும் எவ்ளோன்னு எழுதிக் குடுத்தாங்க, கவுண்டர்லயே கட்டினேன். அபராதம் சேத்துக்கூட அவனுக்குக் குடுத்ததைவிடக் கம்மி. உங்க ஊர்ல தொகை வேறயா இருக்கும், ஆபீஸ்ல கேட்டுக்குங்க. யாராவது இணைப்பு வாங்கிக் குடுத்துட்டேன்னு சொன்னா, இணைப்பு நம்பரை வாங்கி tnurbanepay.tn.gov.in தளத்துல நீங்களே போட்டுப் பாருங்க, உங்க பேரும் கதவு எண்ணும் வரணும். வரலைன்னா பாக்கிப் பணத்தைக் குடுக்காம நேரா ஆபீஸுக்குப் போயிடுங்க.

போலீஸ்ல புகார் குடுத்திருக்கேன், அந்த பேனா ரசீதையும் வச்சு. பணம் இன்னும் வரல. பழைய கருப்பு பைப் ரோட்டுக்கு அடியில அப்படியே கிடக்கு, புதுசா வந்த பிட்டர் அதை இழுத்துப் பாத்துட்டு "மட்டமான பைப் சார், இதுக்கா அவ்ளோ குடுத்தீங்க"ன்னார்.