முதல் சுற்றுக்கும் ஆறாம் சுற்றுக்கும் நடுவே: மூன்று சீட்டு விளையாட்டுகளின் செலவு வளைவு

சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகள் பலவற்றில் பெரும்பாலான சீட்டுகளின் மூலையில் ஓர் எண் இருக்கும். அந்தச் சீட்டை இறக்க எவ்வளவு மானா, அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் ஆற்றல், தேவை என்பதை அது சொல்கிறது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் த கேதரிங், 2014-இல் வெளியான ஹார்த்ஸ்டோன், 2023-இல் வந்த லோர்கானா ஆகிய மூன்றிலும் '4' என்ற எண்ணைக் காணலாம். ஆனால் அந்த நான்கு மூன்று இடங்களிலும் ஒன்றல்ல. நான்கு மானா எப்போது கைக்கு வரும், எவ்வளவு உறுதியாக வரும், அதற்காக வேறு எதை இழக்க வேண்டும் என்பதை அந்தந்த விளையாட்டின் விதிகளே முடிவு செய்கின்றன. ஆகவே, தொடக்கச் சுற்றுகளுக்கும் இறுதிச் சுற்றுகளுக்கும் சம மதிப்பு வேண்டும் என்று விரும்பும் வடிவமைப்பாளர் சீட்டின் வலிமையை எடைபோடும் முன், மானா வரும் வழியைத்தான் எடைபோட வேண்டும்.

ஹார்த்ஸ்டோனிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் கணக்கு மிகவும் வெளிப்படையானது. முதல் சுற்றில் ஒரு மானா, இரண்டாம் சுற்றில் இரண்டு என்று பத்து வரை தானாகவே ஏறும். மானா வராமல் போகும் ஆபத்தே கிடையாது. சிறப்புத் திறன் எதுவும் இல்லாத அடிப்படைச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தாக்கு எண்ணையும் உயிர் எண்ணையும் கூட்டினால் வரும் தொகை, செலவின் இருமடங்குடன் ஒன்று சேர்த்ததாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஒரு மானா மர்லாக் ரெய்டர் 2/1, அதாவது தாக்கு 2, உயிர் 1; இரண்டு மானா பிளட்ஃபென் ராப்டர் 3/2, நான்கு மானா சில்விண்ட் யெட்டி 4/5, ஆறு மானா போல்டர்ஃபிஸ்ட் ஓகர் 6/7. சீரான நேர்கோடு இது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயமான விலைப்பட்டியல் இருக்க முடியாது என்றே தோன்றும்.

ஆனால் இந்த நேர்கோடு களத்தில் நேர்கோடாக இருப்பதில்லை. முதலில் ஆடுபவர் தம் முதல் நான்கு சுற்றுகளில் முறையே 2/1, 3/2, 3/4, 4/5 என்று இறக்குகிறார் என்றும், எதிராளி இவற்றைத் தடுக்கவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். இறக்கிய சுற்றில் தாக்க முடியாது என்பதால், இரண்டாம் சுற்றில் 2, மூன்றாம் சுற்றில் 5, நான்காம் சுற்றில் 8, ஐந்தாம் சுற்றில் 12 என்று அடி விழுகிறது. ஐந்தாம் சுற்று முடியும்போது எதிராளியின் 30 உயிரில் 27 போய்விட்டது. ஆறாம் சுற்றின் தாக்குதலில் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாவதாக ஆடுபவர், கூடுதல் மானா தரும் நாணயச் சீட்டை முன்பே செலவழித்திருந்தால், தம் ஆறாம் சுற்றையே பார்க்க மாட்டார். கையிலுள்ள ஓகர் கையிலேயே இருக்கும். 2/1 சீட்டின் மதிப்பு மூன்று அல்ல; அது உயிரோடு எத்தனை சுற்று நிற்கிறதோ அத்தனை முறை பெருகும் வட்டி அது.

இதை நானே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். நண்பர்களுடன் விளையாடக் காகிதத்தில் வெட்டி உருவாக்கிய ஒரு முன்மாதிரியில் ஓகரைப் போன்ற கனமான சீட்டுகளுக்குத்தான் நேரம் ஒதுக்கி ஓவியம் வரைந்திருந்தேன். ஒரு மாலை முழுவதும் ஆடியும் அவற்றில் ஒன்றுகூட மேசைக்கு வரவில்லை.

கனமான சீட்டுக்கு அப்படியானால் என்னதான் பயன்? ஆறு மானாவுக்கு இரண்டு 3/4 சீட்டுகளை இறக்கினால் மொத்தம் 6/8 கிடைக்கிறது. ஓகரோ 6/7 மட்டுமே. எண் கணக்கில் ஓகர் ஒன்று குறைவு, ஆனால் அது கையிலிருந்து ஒரே ஒரு சீட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் மானா பஞ்சம், கையில் சீட்டு நிறைய. எட்டாம் சுற்றுக்குப் பின் நிலைமை தலைகீழ்: மானா மிஞ்சுகிறது, சீட்டு தீர்ந்துவிடுகிறது. மலிவான சீட்டு முதல் பஞ்சத்துக்கு மருந்து, கனமான சீட்டு இரண்டாவதற்கு. இந்த இரண்டாம் பஞ்சம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே வடிவமைப்பாளரின் வேலை. ஹார்த்ஸ்டோன் அதை நடுவில் வைத்த, பல சீட்டுகளை ஒரே வீச்சில் அடிக்கும் துடைப்பங்களால் செய்கிறது: தொடக்க காலத்தில் நான்கு மானா கான்சக்ரேஷன் எதிரிகள் அனைவருக்கும் 2 அடி கொடுத்தது, ஏழு மானா ஃப்ளேம்ஸ்டிரைக் எதிரி களத்தில் இறக்கிய உயிரிகளான மினியன்கள் ஒவ்வொன்றுக்கும் 4 அடி கொடுத்தது. மேலே சொன்ன வரிசையில் நான்காம் சுற்றில் ஒரு கான்சக்ரேஷன் விழுந்தால் 2/1, 3/2 இரண்டும் சாகின்றன, 3/4 பாதி உயிரோடு தவிக்கிறது. வட்டி அங்கேயே நிற்கிறது.

இந்தச் சமநிலை எவ்வளவு மெல்லியது என்பதற்கு அண்டர்டேக்கர் என்ற சீட்டே சாட்சி. ஒரு மானா, 1/2. சாகும்போது வேலை செய்யும் டெத்ராட்டில் திறன் கொண்ட மினியன் ஒன்றை இறக்கும்போதெல்லாம் அது +1/+1 வளரும். 2014 ஜூலையில் வந்த நக்ஸ்ராமாஸ் தொகுப்பு அத்தகைய மினியன்களை ஏராளமாகக் கொண்டுவந்தது. இரண்டு, மூன்று, நான்காம் சுற்றுகளில் சுற்றுக்கொன்று இறக்கினால் அண்டர்டேக்கர் 4/5 ஆகிவிடும். அதாவது ஒரு மானாவுக்கு, முதல் சுற்றிலேயே களமிறங்கிய ஒரு யெட்டி. 2015 ஜனவரியில் திறனை மாற்றித் தாக்கு மட்டும் வளரும்படி செய்தார்கள். அதே வரிசையில் அதன் பிறகு கிடைத்தது 4/2. செலவு எண்ணில் கை வைக்காமல் உயிரை மட்டும் வளரவிடாமல் தடுத்தது சரியான முடிவு என்பது என் கருத்து. சிக்கல் அதன் விலையில் இல்லை, அதைக் கொல்ல முடியாமல் போனதில்தான் இருந்தது. அடி கனமாக விழட்டும், ஆனால் ஒரு சிறிய மந்திரத்துக்காவது அது சாக வேண்டும்.

மேஜிக்கில் இதே கேள்விக்கான விடை வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, மானா தானாக ஏறாது. சீட்டுக் கட்டிலேயே மானா தரும் நிலச் சீட்டுகளைக் கலந்து வைக்க வேண்டும், சுற்றுக்கு ஒன்று இறக்கலாம். 60 சீட்டுக் கட்டில் 24 நிலங்கள் என்பது வழக்கமான கலவை. கையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கணக்கில் எடுக்காமல், முதலில் ஆடுபவருக்கு நான்காம் சுற்றில் நான்கு நிலங்கள் கிடைத்திருக்கும் வாய்ப்பு சுமார் 63 விழுக்காடு. ஆறாம் சுற்றில் ஆறு நிலங்கள் கிடைத்திருக்கும் வாய்ப்போ சுமார் 32 விழுக்காடுதான். ஹார்த்ஸ்டோனில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே இருப்பது ஒரு சுற்று. மேஜிக்கில் அது பல சுற்றுகளாகவும் நீளலாம், வராமலேயும் போகலாம். ஆகவே இங்கே விலைப்பட்டியல் நேர்கோடாக இருந்தால் ஆறு மானாச் சீட்டை யாரும் கட்டில் சேர்க்க மாட்டார்கள். கோடு மேலே போகப் போக வளைந்து எழ வேண்டும். ஆறு மானாவுக்கு இறங்கும் சீட்டு அப்போதே ஆட்டத்தின் போக்கைத் திருப்ப வேண்டும்.

இரண்டாவது, யாரை யார் அடிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற விதி. ஹார்த்ஸ்டோனில் தாக்குபவரே இலக்கைத் தேர்ந்தெடுக்கிறார். மேஜிக்கில் தாக்குபவர் எதிராளியை நோக்கித் தம் உயிரிகளை அனுப்புவார். எதை எதனால் தடுப்பது என்று தற்காப்பவர் முடிவு செய்வார். இது சின்ன வேறுபாடு போலத் தெரியும், ஆனால் முழு வளைவையும் இதுவே சாய்க்கிறது. களத்தில் மூன்று 2/2 உயிரிகளோடு நிற்பவர் எதிரே ஒரு 4/5 இறங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றும் ஒன்றைப் பலிகொடுக்கத் தயாராக இல்லாதவரை யோசித்துத்தான் தாக்க முடியும். பிந்தி வந்த பெரிய சீட்டு, வந்த கணத்திலேயே பழைய வட்டியை நிறுத்துகிறது. அதனால்தான் மேஜிக்கில் 20 உயிரே போதுமானதாக இருக்கிறது. என் காகித முன்மாதிரியில் ஓகர்கள் தோற்றதற்குக் காரணம் அவற்றின் விலை அல்ல. தாக்குபவரே இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியைத் துடைப்பங்கள் இல்லாமல் கடன் வாங்கியிருந்தேன்.

நிலம் வராத கையோடு மூன்று சுற்றுகள் சும்மா உட்கார்ந்திருப்பது எவருக்கும் பிடிக்காது. மேஜிக் இதற்குக் கண்டுபிடித்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிக்கர். பர்ஸ்ட் லைட்னிங் என்ற சீட்டு ஒரு மானாவுக்கு 2 அடி கொடுக்கும். மேலும் நான்கு மானா சேர்த்துச் செலுத்தினால் 4 அடி. சிக்கனக் கணக்கில் ஐந்து மானாவுக்கு 4 அடி நட்டம்தான். ஆனால் மானா மிஞ்சிக் கிடக்கும் காலத்தில் அந்த நட்டம் யாருக்கும் உறைப்பதில்லை. ஒரே சீட்டு இரண்டு பஞ்சங்களுக்கும் பதில் சொல்கிறது.

லோர்கானா நிலச் சீட்டையே ஒழித்துவிட்டது. அங்கே மானாவின் பெயர் மை; மை அடையாளம் கொண்ட எந்தச் சீட்டையும் சுற்றுக்கு ஒன்று கவிழ்த்து வைத்து, அதையே நிரந்தர வளமாக்கலாம். இதனால் முதல் சுற்றிலேயே உண்மையான முடிவு ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது: கையிலுள்ள ஏழு சீட்டுகளில் எதை என்றைக்குமாகத் துறப்பது? களத்தில் ஒன்றும் இறக்காவிட்டாலும் அந்தச் சுற்று வீணாவதில்லை. தொடக்கச் சுற்றுக்குப் பொருள் தருவதில் மற்ற இரண்டையும்விட இந்த வழியே மேல் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. முதலில் ஆடுபவர் ஏழு சீட்டுகளோடு தொடங்குகிறார், முதல் சுற்றில் சீட்டு எடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை மையாக்கி ஒன்றை ஆடினால், கையில் முறையே 5, 4, 3, 2, 1 என்று குறைந்து ஆறாம் சுற்று முடிவில் கை காலியாகிறது. அப்போது அவரிடம் ஆறு மை இருக்கும். அதற்கு மேல் எடுக்கும் ஒரே சீட்டை மையாக்குவதா, ஆடுவதா என்ற தவிப்புதான். விதிப்புத்தகம் மைக்கு உச்சவரம்பு எதுவும் சொல்லவில்லை, ஆனால் கணக்கு ஆறையொட்டி ஒரு கூரையைத் தானே போட்டுவிடுகிறது. சீட்டு எடுக்கும் திறன்களைத் தாராளமாகத் தராவிட்டால் ஏழும் எட்டும் செலவாகும் சீட்டுகள் மையாக மட்டுமே பயன்படும். வலிமையான சில சீட்டுகளிலிருந்து மை அடையாளத்தை எடுத்துவிடுவது இன்னொரு கருவி. அத்தகைய சீட்டு கட்டில் அதிகமானால் தொடக்கத்தில் கை அடைத்துக்கொள்ளும் என்பதால், ஆடுபவர் தம் பேராசையைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கிறார்.

மார்வெல் ஸ்னாப்பை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. ஆறே சுற்றுகள் கொண்ட அந்த ஆட்டத்தில் வைத்த வலிமை இறுதியில் எண்ணப்படுகிறதே தவிர, சுற்றுக்குச் சுற்று அடிப்பதில்லை. வட்டியே இல்லாத இடத்தில் முந்தியது பிந்தியது என்ற சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது.

புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்குபவர் எந்த வழியை எடுத்தாலும் வளைவு கோணலாக இருப்பதைக் கண்டுபிடிக்க வெற்றி விகிதம் மட்டும் போதாது. இரண்டு கட்டுகள் சரிபாதி வென்றாலும், ஒன்று எப்போதும் ஐந்தாம் சுற்றில் வென்று மற்றது எப்போதும் பத்தாம் சுற்றில் வென்றால், நடுவில் ஆடிய எதற்கும் பொருளில்லை. நான் இப்போது ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தோற்றவரின் கையைத் திருப்பி, ஆடப்படாமல் எஞ்சிய சீட்டுகளின் செலவைக் குறித்து வைக்கிறேன். ஆறும் ஏழுமே மீண்டும் மீண்டும் எஞ்சினால் தொடக்கம் மிகக் கடுமையாக இருக்கிறது. ஒன்றும் இரண்டும் எஞ்சி, அவற்றை ஆட மானா இருந்தும் ஆடுபவர் இறக்காமலே விட்டிருந்தால், அவை எட்டாம் சுற்றில் வெறும் காகிதம்; அந்தச் சீட்டுகளுக்குத்தான் ஒரு கிக்கர் வேண்டும்.