மும்பை மழையில் கத்தும் டிரைவ் பெல்ட்: சில மழைக்காலங்கள் ஓட்டிப் பார்த்ததில்

செம்பூரில் கூரையில்லாத பார்க்கிங்கில் நிற்கும் பழைய டீசல் செடான் என்னுடையது. ஆறு வரி உள்ள ஒரே நீளப் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. அதை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஆட்டோ டென்ஷனர் ஒன்று. மார்ச், ஏப்ரலில் வண்டி சத்தமே போடாது. ஜூன் முதல் மழை விழுந்ததும் காலையில் சாவி திருப்பினால் பக்கத்து பில்டிங் வரை கேட்கும். "பெல்ட் மாத்துங்க சார், சரியாயிடும்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மாற்றினேன், சரியானது, அடுத்த மழையில் திரும்ப வந்தது. ஏன் அப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள், இரண்டு வகை இருக்கிறது. ஐடிலில் கீச், கீச், கீச் என்று தாளம் தவறாமல் விட்டுவிட்டு வந்து, ரேஸ் கொடுத்தால் தாளம் வேகமாகி மற்ற இரைச்சலில் கரைந்துபோவது ஒன்று. ஸ்டார்ட் செய்த உடனேயோ, ஏசி போட்டதும், ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்ததும் கிரீச்ச்ச் என்று இழுத்துக் கத்துவது இன்னொன்று. இரண்டாவது, பெல்ட் வழுக்குகிறது என்பதற்கு அடையாளம். முதலாவது பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி வரிசையில் நிற்கவில்லை என்பதற்கு. என் வண்டியில் இரண்டும் இருந்தன, அதனால்தான் இத்தனை இழுபறி.

மழையில் மட்டும் ஏன்? இரவு ஈரத்தில் பெல்ட்டின் வரிகளிலும் புல்லிப் பள்ளங்களிலும் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. பிடிமானம் குறைந்து பெல்ட் ஒரு கணம் வழுக்கி, அடுத்த கணம் பிடித்து, மறுபடி வழுக்குகிறது. அந்த அதிர்வுதான் சத்தம். கொஞ்ச நேரம் ஓடிச் சூடாகிக் காய்ந்ததும் நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மழைக் காலையில் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் பனி விலக ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும், ஸ்டார்ட்டரில் இறங்கிய பேட்டரியும் சார்ஜ் கேட்கும். அத்தனை சுமையும் பெல்ட் மேல். ஆல்டர்னேட்டர் புல்லி வரிசையிலேயே சின்னது, பெல்ட் அதைத் தொட்டுப் பிடிக்கும் இடமும் குறைவு. வழுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆக ஈரம் புதிதாக எதையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற குறையைக் கத்த வைக்கிறது, அவ்வளவுதான்.

முதல் தடவை ஒரு கராஜில் பெல்ட்டை மட்டும் மாற்றினார்கள். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வரிகளின் பக்கங்கள் பளபளவென்று மின்னின, நகத்தால் கீறினால் இறுகிப்போயிருந்தது, ஆனால் ஒரு விரிசல்கூட இல்லை. இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் பழைய பெல்ட் போலச் சீக்கிரம் வெடிப்பதில்லை, வழுக்கை டயர் மாதிரி தேய்ந்துகொண்டே போகும். விரிசல் இல்லை என்பதால் நல்ல பெல்ட் என்று நினைக்க வேண்டாம். வரிகளுக்கு நடுவே இருக்கிற பள்ளம் அகலமாகி பெல்ட் புல்லிக்குள் கீழே உட்கார்ந்துவிட்டால் வரிகள் ஆப்பு போல இறுகிப் பிடிக்கிற பிடி போய்விடும். அதை உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவது, சோப்புக்கட்டி காட்டுவது, பெல்ட் ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் சில நாள் வித்தை. ஸ்ப்ரேயின் பிசுக்கில் தூசி ஒட்டி நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்த மழையில் புது பெல்ட்டும் பளபளக்க ஆரம்பித்தது. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருக்கிறார், அவரிடம் போனேன். அவர் பெல்ட்டைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சமாகப் பீய்ச்சினார். ஆல்டர்னேட்டர் மேல் படாமல், கையும் சட்டையும் தள்ளியே இருக்கும்படி. சத்தம் கூடியது. "தண்ணி பட்டதும் கூடுச்சுன்னா இழுவை பத்தலை தம்பி. அடங்கிட்டுத் திரும்ப வந்தா புல்லி கோணல்" என்றார். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான சோதனை கிடையாது.

டென்ஷனரைக் காட்டினார். ஐடிலில் அதன் கை லேசாக அசைந்தால் சரி, எங்களுடையது கண்ணுக்குத் தெரிய துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து அதிர்வை அடக்குகிற டேம்பர் போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பேனர் போட்டுக் கையைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கியது. பெல்ட்டைக் கழற்றி டென்ஷனர் புல்லியை விரலால் சுண்டிவிட்டார், அது பாட்டுக்கு வெகுநேரம் சுற்றியது. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. அவர் தலையை ஆட்டினார். கிரீஸ் உள்ள பேரிங் மந்தமாகச் சுற்றிச் சீக்கிரம் நிற்க வேண்டுமாம். இப்படிச் சுற்றினால் கிரீஸ் காய்ந்துவிட்டது.

டென்ஷனர் அசெம்ப்ளியும் பெல்ட்டும் புதிதாகப் போட்டோம். பெல்ட் ஆயிரத்துச் சொச்சம், டென்ஷனர் அதைப்போல மூன்று மடங்கு. கிரீச் போய்விட்டது, ஆனால் கீச் கீச் மட்டும் ஈரக் காலைகளில் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை தண்ணீர் விட்டதும் சத்தம் சட்டென்று அடங்கி, காய்ந்ததும் திரும்பியது. அண்ணாச்சி நேரான ஸ்டீல் பட்டை ஒன்றைக் கம்ப்ரசர் புல்லி முகத்தில் ஒட்டிப் பிடித்து ஆல்டர்னேட்டர் பக்கம் நீட்டினார், அங்கே சுமார் இரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. புல்லி அவ்வளவு உள்ளே தள்ளி நின்றது. இரண்டு புல்லிக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இருக்கும். கணக்குப் போட்டால் அரை டிகிரிக் கோணல். இந்த மாதிரி வரிப் பெல்ட்டுகளுக்கு மூன்றில் ஒரு டிகிரி தாண்டினாலே சத்தம் வரலாம். பெல்ட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்து, கீழே கறுப்பு ரப்பர் பொடி ஒரே பக்கமாகப் படிந்திருந்ததும் அப்புறம்தான் கண்ணில் பட்டது.

காரணம் என்ன தெரியுமா, முன்பு ஒரு எலக்ட்ரிகல் கடையில் ஆல்டர்னேட்டரை இறக்கி பேரிங் மாற்றியிருந்தார்கள், திரும்ப மாட்டும்போது பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டர் காதுக்கும் நடுவே வர வேண்டிய தடித்த வாஷரைப் போடவில்லை. சில ரூபாய் வாஷர்! அதை வைத்து இறுக்கியதும் பட்டை நேராக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு வந்த மழையிலும் பார்த்துவிட்டேன். கொட்டித் தீர்த்த இரவுக்கு அடுத்த காலையில் ஸ்டார்ட் செய்த கணம் ஒரு சின்ன கீச் வரும், உடனே போய்விடும். அதற்காக நான் பானெட்டைத் திறப்பதில்லை. ஆனால் கிங்ஸ் சர்க்கிள் மாதிரி தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தால் மட்டும், முன்சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் ஷீல்ட் இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுகிறேன். கிளிப் உடைந்து அது தொங்கினால் டயர் வாரி அடிக்கும் சேறு நேராக பெல்ட்டில்தான் விழும், அந்த மணல் புல்லிப் பள்ளத்தையே தேய்த்துவிடும். போன ஆகஸ்டில் இரண்டு கிளிப் காணாமல் போயிருந்தன, புதிது வாங்கி மாட்டினேன்.