நாலு கோடு தெரியுது, யுபிஐ சுத்துது: ரிப்பீட்டரா, ஸ்மால் செல்லா?

சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டர். கீழே பார்க்கிங், தரைத்தளத்தில் பில்லிங் கவுன்ட்டரும் காத்திருக்கும் கூடமும், அதற்கு மேல் இரண்டு மாடி ஸ்கேன் அறைகள், மூன்றாம் மாடியில் அலுவலகம். சுவர், தளம், தூண் எல்லாம் ஆர்.சி.சி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "சார், உள்ளே சிக்னலே இல்லை. ஆன்லைன்ல பூஸ்டர் கிடைக்குதாமே, ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

அதை மாட்ட முடியாது. உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட ரேடியோ கருவியை வைத்திருப்பதே சட்டமீறல் என்பது 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் தொட்டு இருக்கிற நிலை. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அது மாறவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்ட பூஸ்டர்களை வீட்டுக்காரரே மாட்டிக்கொள்ளலாம். அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலர் ஆர்டர் போடுகிறார்கள். நம் ஊரில், டவர் சிக்னலை வாங்கிப் பெருக்கித் தருகிற ரிப்பீட்டர் ஆனாலும், தானே குட்டி டவராக நிற்கிற ஸ்மால் செல் ஆனாலும், அலைவரிசைக்கு உரிமம் வைத்திருக்கிற மொபைல் நிறுவனம் வந்து வைக்க வேண்டும், அல்லது அதன் ஒப்புதலோடு வைக்க வேண்டும். ஆகவே நாம் செய்யக்கூடியது, எது வேண்டும் என்பதை அளந்து வைத்துக்கொண்டு அவர்களிடம் கேட்பது. "சிக்னல் இல்லை" என்று மட்டும் புகார் கொடுத்தால் "வெளியில் கவரேஜ் நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையும்கூட.

அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஐபோனில் `*3001#12345#*` என்று டயல் செய்தால் ஒரு சோதனைத் திரை வரும். ஆண்ட்ராய்டில் `*#*#4636#*#*`, சில போன்களில் இது திறக்காது, அப்போது ஏதாவது இலவச செல் இன்ஃபோ ஆப் போதும். திரையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். RSRP என்பது டவரிலிருந்து வருகிற அலையின் பலம்: -90 dBm-க்கு மேல் இருந்தால் நிம்மதி, -110-க்குக் கீழே போனால் பேச்சு வெட்டி வெட்டி வரும். SINR என்பது அந்த அலை எவ்வளவு சுத்தம் என்பது: 15-க்கு மேல் நல்லது, பூஜ்யத்தை ஒட்டினால் இரைச்சல்தான். PCI என்பது எந்த செல்லோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான எண். போனில் தெரிகிற கோடுகள் பெரும்பாலும் பலத்தை மட்டும் சொல்லும். சுத்தத்தையும் நெரிசலையும் சொல்லாது.

இரண்டு சிம், ஒரு நோட்டு. காலை ஆறரைக்கு ஒரு சுற்று, கூட்டம் நெரிகிற பதினொன்றரைக்கு இன்னொரு சுற்று. இந்த இரண்டாவது சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவனங்களின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றாமவர், இரண்டாமவர் என்று வைத்துக்கொள்வோம்.

மொட்டை மாடியில் ஒன்றாமவரின் RSRP -74, இரண்டாமவருக்கு -78. கோடுகளை நம்பினால் ஒன்றாமவர்தான் கெட்டி. ஆனால் வேகம் வேறு கதை சொன்னது. ஒன்றாமவர் காலையில் 55 எம்பிபிஎஸ். பதினொன்றரைக்கு அதே இடத்தில் 3. SINR-உம் 14-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தது. இரண்டாமவர் காலையில் 28, பகலில் 24. SINR இரண்டு வேளையும் 17-ஐ ஒட்டியே நின்றது. பில்லிங் கவுன்ட்டரில் இருவருமே படுத்துவிட்டார்கள்: -108, -111. பார்க்கிங்கில் சுத்தமாக ஒன்றுமே இல்லை. சரிவுப் பாதையில் மட்டும் மணி அடிக்கும், எடுத்துப் பேசினால் நம் குரல் அந்தப் பக்கம் போகாது. டவரின் குரல் பெரியது, போனின் குரல் சிறியது, ஆர்.சி.சி. ஒரு சுவருக்குச் சாதாரணமாக 10 முதல் 20 டெசிபல் விழுங்கும்போது முதலில் அறுவது நம் பக்கத்து இழைதான். பத்து டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு, இருபது என்றால் நூறில் ஒரு பங்கு.

மூன்றாம் மாடி அலுவலகத்தில் நோய் வேறு. அங்கே -84, நாலு கோடு. ஆனால் SINR பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் நடுவே தள்ளாடியது, நாற்காலியை நகர்த்தாமலே PCI மூன்று எண்களுக்குள் மாறிக்கொண்டிருந்தது. உயரத்தில் ஜன்னலுக்கு எதிரே மூன்று டவர்கள் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் கேட்டால் போன் யாரோடு பேசுவது என்று தத்தளிக்கும். இதற்கு ரிப்பீட்டர் வைத்தால் மூன்று சத்தமும் சேர்ந்தே பெரிதாகும்.

இனி இரண்டு கருவிகளுக்கு வருவோம். ரிப்பீட்டர் ஒரு மைக்செட் மாதிரி: மாடியில் ஒரு ஆன்டெனா கேட்கும், உள்ளே சில ஆன்டெனாக்கள் அதையே உரக்கச் சொல்லும். புதிதாக ஒரு பிட் கூடத் தராது. டவரில் நெரிசல் இருந்தால் உள்ளேயும் நெரிசல். வெளியில் SINR 5 என்றால் உள்ளேயும் 5-ஐத் தாண்டாது. ஸ்மால் செல்லோ தானே ஒரு குட்டி டவர். ஃபைபர் வழியாக நிறுவனத்தின் நெட்வொர்க்கில் சேர்ந்து, தனக்கென ஒரு PCI வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை வெளி டவரிலிருந்து இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

பலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். இரண்டாமவரின் -78, மாடியில் டவரை நோக்கித் திருப்பிய ஆன்டெனா வழியாக, கேபிள் இழப்பு போக -71 ஆக ரிப்பீட்டருக்கு வரும். அது 60 டெசிபல் பெருக்கினால் -11. நாலாகப் பிரிக்க 6, கேபிளுக்கு 4 கழியும், கூரை ஆன்டெனா 2 சேர்க்கும், ஆக -19. அங்கிருந்து 15 மீட்டர் தூரத்துக்கு 1800 மெகாஹெர்ட்ஸில் 61, நடுவில் ஒரு சுவருக்கு 12. கவுன்ட்டரில் கிடைப்பது -92. முன்பு -111 இருந்த இடம். பெருக்கலை இன்னும் ஏற்றலாமே என்றால், இதுவரை போட்ட கணக்கு பாண்டின் ஒரு மெல்லிய துண்டுக்குத்தான், பாண்ட் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த ரிப்பீட்டர் இப்போதே 20 dBm வெளியிடுகிறது. அதன் உச்சம் அதுதான். அதேபோல பாண்ட் முழுவதுக்கும் சேர்த்து 24 dBm வெளியிடுகிற ஸ்மால் செல் ஒன்றைக் கூடத்தில் வைத்தால் அதே தூரம், அதே சுவருக்கு -80-ஐ ஒட்டி வரும். பன்னிரண்டு டெசிபல் கூடுதல்தான், ஆனால் அதற்காக அதை வாங்குவதில்லை. நெரிசலுக்காக வாங்குவது.

ஆகவே ஒரே கட்டடம், ஒரே சுவர், இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு விடை. வெளியில் பலம் கூடுதலாக இருந்த ஒன்றாமவருக்குத்தான் ஸ்மால் செல் வேண்டியிருந்தது. ரிப்பீட்டர் வைத்திருந்தால் கவுன்ட்டரில் நாலு கோடு நின்றிருக்கும், பகல் பதினொன்றரைக்கு யுபிஐ சுத்திக்கொண்டே இருந்திருக்கும். அவர்கள் அந்தப் பகுதியில் டேட்டாவைப் பெரும்பாலும் 2300 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது இன்னொரு காரணம். அதில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் முறைவைத்து நடக்கும். அந்த முறையோடு தாளம் தப்பாமல் மாறத் தெரியாத ரிப்பீட்டர் அங்கே உதவாது. இரண்டாமவருக்கு வெளியில் சுத்தமும் இருந்தது, இடமும் இருந்தது. அங்கே ஸ்மால் செல் கேட்பது வீண்.

ரிப்பீட்டர் கெட்டுப்போகிற விதம் தனி. உள் ஆன்டெனா சொல்வதை மாடி ஆன்டெனா கேட்டுவிட்டால், கல்யாண மண்டபத்தில் மைக் கூவுவது போல இதுவும் கூவும். தடுக்க, இரண்டுக்கும் நடுவே பெருக்கலைவிட 15 டெசிபலாவது கூடுதலாகப் பிரிவு வேண்டும், 60-க்கு 75. நம்மை வாட்டுகிற காங்கிரீட் தளங்களே இங்கே துணைக்கு வரும். ஆனால் முதலில் மாடி ஆன்டெனாவை லிஃப்ட் மெஷின் அறைக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்கள், உள் ஆன்டெனா ஒன்று லிஃப்ட் வாசலில். லிஃப்ட் குழி வழியாகச் சத்தம் மேலே ஏறிவிட்டது. கூவலை உணர்ந்ததும் ரிப்பீட்டர் தானே பெருக்கலைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஆன்டெனாவுக்கு நேர் கீழே நின்றால் சில நிமிடம் -65, பிறகு திடீரென -85. அப்படி ஏறி இறங்கினால் கருவி பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம், ஆன்டெனாவை நகர்த்துங்கள். நாங்கள் மாடியின் எதிர் மூலைக்குக் கொண்டுபோனோம், நின்றுவிட்டது. கட்டடத்துக்கு உள்ளே கூவலோடு முடிந்தால் பரவாயில்லை, அது டவர் வரை இரைச்சலைத் தள்ளி அந்தத் தெரு முழுவதையும் கெடுக்கும். உரிமம் கேட்பதன் காரணமே அதுதான்.

ஸ்மால் செல்லின் தொல்லைகள் வேறு மாதிரி. ஃபைபர் வேண்டும். மற்ற டவர்களோடு நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிளை மாடிவரை இழுக்க வேண்டியிருந்தது. யுபிஎஸ் லைனில் கொடுக்காமல் விட்டதால், கரன்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தச் சில நொடிக்கே செல் அணைந்து, திரும்ப எழுந்து வரப் பல நிமிடம் ஆனது. பெரிய சிக்கல் வாசலில். உள்ளே வரும்போது பேச்சு அறுவதில்லை. வெளியே போகும்போது மட்டும், சரியாக மூன்றாவது படியில் அறுந்தது. ஒரே இடத்தில், ஒரே திசையில் அறுந்தால், பேச்சை அடுத்து எந்த டவருக்குக் கைமாற்றலாம் என்று ஸ்மால் செல் வைத்திருக்கிற பக்கத்துச் செல் பட்டியலைச் சந்தேகிக்க வேண்டும். மாடியில் நாங்கள் அளந்த டவர் பட்டியலில் இருந்தது. வாசல் படியில் கேட்கிற டவர் வேறு, அது இல்லை. படியில் நின்று PCI எண்ணைக் குறித்து அனுப்பினோம், சேர்த்தார்கள்.

மூன்றாம் மாடிக்கு எதுவும் வாங்கவில்லை. பன்னிரண்டு பேர், நல்ல வைஃபை. எல்லோர் போனிலும் வைஃபை காலிங்கை ஆன் செய்து, காந்தம் போல வெளி டவரை இழுக்கிற ஜன்னல் பக்கத்து மேசையை மட்டும் உள்ளே தள்ளினோம்.

இப்போது கவுன்ட்டரில் ஒன்றாமவர் -81, பகலிலும் 40 எம்பிபிஎஸ்-க்குக் குறைவதில்லை; இரண்டாமவர் -93, வெளியில் கிடைக்கிற அதே 24. பார்க்கிங்கில் சரிவுப் பாதைவரை இருவரும் கிடைக்கிறார்கள், பின்மூலை இன்னும் இருட்டு. மேனேஜருக்கு ஒரே ஒரு மனக்குறை: எம்ஆர்ஐ அறைக்குள் ஏன் வரவில்லை? அந்த அறையைச் சுற்றிச் செப்புத் தகடு போட்டிருப்பதே வெளி அலை உள்ளே வந்து படத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சார், அங்கே ஒரு கோடு தெரிந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள், எம்ஆர்ஐ கம்பெனியைக் கூப்பிடுங்கள் என்றேன்.