உப்புப் பாலத்தில் எதை நிரப்புவது: பொட்டாசியம் குளோரைடா, பொட்டாசியம் நைட்ரேட்டா?

மின்கலம் இயங்கும்போது இரு கரைசல்களிலும் மின்சுமை தேங்காதபடி அயனிகளை அனுப்புவது உப்புப் பாலம். கரைசல்கள் தொடும் இடத்தில் வேகமான அயனி முந்தினால் சிறு மின்னழுத்தம் உருவாகி அளவீட்டில் கலந்துவிடும். இதுவே திரவச் சந்தி மின்னழுத்தம்.

சந்திப் பிழை: பொட்டாசியத்தின் வேகத்துக்குக் குளோரைடு, நைட்ரேட் இரண்டுமே ஏறக்குறைய ஈடு. செறிந்த கரைசலாக இருந்தால் பிழை பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான். இதில் வெற்றி தோல்வி இல்லை.

வீழ்படிவு: வித்தியாசம் இங்குதான். தாமிரம்–வெள்ளி மின்கலம் 0.46 வோல்ட் காட்ட வேண்டும். குளோரைடுப் பாலத்தை வெள்ளி நைட்ரேட்டில் நுழைத்தால் முனையில் வெண்மையாகக் கலங்கும். அது வெள்ளி குளோரைடு. துளைகள் அடைபடும், அளவீடு நிலைகொள்ளாது அலையும்.

துத்தநாகம்–தாமிரத்துக்குக் குளோரைடு போதும். வெள்ளியோ ஈயமோ இருந்தால் நைட்ரேட்தான்.