ஐப்பசி மழையில் இறுகிப்போன சக்: நாலு வருடம் ஓடிய பேட்டரி டிரில்லிங் மிஷின்

மன்னார்குடி பக்கம் ஜன்னல் கிரில், சன்ஷேடு வேலை செய்கிறேன். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைச் சாவி இல்லாமல் கையாலேயே திருகும் வகை, 13 மி.மீ. சக் உள்ள என் மிஷின் நாலு வருடம் நன்றாகத்தான் உழைத்தது. ஒரே ஒருமுறைதான் காலை வாரிவிட்டது.

போன ஐப்பசியில் ஒரு வீட்டில் கூரை கான்கிரீட்டில் அண்ணாந்தபடி முப்பது ஓட்டை போட்டேன். 10 மி.மீ. பிட்டு, ஹேமர் மோடு. மேல்நோக்கித் துளைக்கும்போது தூள் முழுவதும் நேராகச் சக்குக்குள்தான் கொட்டும். மழை பிடித்துக்கொண்டதால் பிட்டைக் கழற்றாமலே பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் சக்கின் வளையம் அசையவே இல்லை. ஹேமரின் அதிர்வில் தாடைகள் ஏற்கெனவே இறுகியிருந்தன. அதற்குமேல் ஈரத்தில் தூள் கட்டியாகிவிட்டது.

முதலில் பைப் ரிஞ்சு போட்டேன். அது தப்பு. பிளாஸ்டிக் வளையத்தில் பல் பதிந்ததுதான் மிச்சம். கையால் மிஷினைப் பிடித்துக்கொண்டு வளையத்தை முறுக்கினால், அந்த விசை, சக் சுழலாமல் உள்ளே பிடித்து நிறுத்தும் ஸ்பிண்டில் லாக்கில்தான் போய் விழும். அது உடைந்தால் செலவு பெரிது.

தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். "அவசரப்படாதே தம்பி, முதல்ல பேட்டரியைக் கழட்டு" என்றார். பிட்டு மேலே பார்க்க மிஷினை நிறுத்தி, தாடைகளின் இடுக்கில் துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்தார். அதிகம் விட்டால் கியர் பக்கம் இறங்கிவிடும். அரைமணி நேரம் ஊறவிட்டு, மரச்சுத்தியால் வளையத்தைச் சுற்றிலும் லேசாகத் தட்டினார்.

அப்புறம் செய்ததுதான் முக்கியம். சக்குக்கு வெளியே தெரிந்த பிட்டின் வழவழப்பான தண்டை வைஸில் கவ்வ வைத்தார். பிட்டைத் தாடைகள் பிடித்திருப்பதால் சக்கின் உடல் தானாக நின்றுவிடுகிறது, ஸ்பிண்டில் லாக்குக்குப் பாரமே இல்லை. நான் மிஷினைத் தாங்கிக்கொண்டேன். வளையத்தில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, பிட்டு முனையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக வரும்படி, இரண்டு கையாலும் திருகினார். மூன்றாவது முயற்சியில் 'டக்' என்று விட்டது.

கழன்ற தண்டில் தாடை பதிந்த இடம் பிசிறாக மேலெழும்பி இருந்தது. அரம் போட்டு மட்டமாக்கிய பிறகே மறுபடி மாட்டினேன். தாடைகளை முழுக்கத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்தோம், இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டோம். கிரீஸ் வேண்டாம், தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வளையம் மட்டும் லேசாகச் சுற்றி, தாடை அசையவில்லை என்றால் கதை வேறு. பிளாஸ்டிக் உள்ளிருக்கும் இரும்பை விட்டுவிட்டது என்று அர்த்தம், சக்கை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது கூரையில் துளைக்கும்போது பாதியாக வெட்டிய ரப்பர் பந்தைப் பிட்டில் கோத்துக்கொள்கிறேன். தூள் அதிலேயே தங்கிவிடுகிறது. சாயங்காலம் பிட்டைக் கழற்றாமல் பெட்டியை மூடுவதில்லை.