அப்பாவின் இரவுப் பேருந்தும் இரண்டு லொகேஷன் பகிர்வுகளும்

அப்பா மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவுப் பேருந்தில் போவார். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க வாட்ஸ்அப் லைவ் லொகேஷன், கூகுள் மேப்ஸ் பகிர்வு இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, நான் மேப்ஸ் பக்கம் சாய்ந்தேன்.

வாட்ஸ்அப்பின் வசதி தெரிந்ததுதான். எல்லோரிடமும் இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே கெடுதான். இரவு ஒன்பதுக்குக் கிளாம்பாக்கத்தில் ஏறி உடனே பகிர்ந்தால் காலை ஐந்துக்கு நின்றுவிடும். மதுரை தாண்டி, எப்போது இறங்குவார் என்று நாம் கேட்கத் தொடங்கும் நேரம் அது. அவரோ தூங்கிக்கொண்டிருப்பார். ஊருக்குள் ஆட்டோவில் போகும்போது மட்டும் இன்றும் வாட்ஸ்அப்தான்.

மேப்ஸில் 'Until you turn this off' என்று ஒன்று உண்டு. ஒருமுறை வைத்துவிட்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் நினைவுபடுத்த வேண்டாம். இதுதான் எனக்கு முடிவு செய்தது. எழுபது வயதுக்காரரிடம் மாதாமாதம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வது நடக்கிற காரியமா? இரண்டு பேருக்கும் கூகுள் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். கூடவே அவர் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் தெரியும்.

அந்த எண்தான் ஒருநாள் கை கொடுத்தது. இரவு பதினொன்றரைக்கு அவருடைய படம் திண்டிவனத்திலேயே நின்றது. கீழே '40 நிமிடங்களுக்கு முன்' என்று இருந்தது, சார்ஜ் 18 சதவீதம். பேருந்து நின்றிருந்தால் நேரம் புதிதாகிக்கொண்டே இருக்கும், இடம் மட்டும் மாறாது. இங்கே நேரமே பழையது. 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் பேட்டரி சேவர் தானாக இயங்கி, திரை அணைந்ததும் லொகேஷனை நிறுத்தியிருக்கிறது. போன் செய்தேன். "விழுப்புரம் தாண்டியாச்சுப்பா, தூங்க விடு" என்றார். அதன்பின் அந்தத் தானியங்கி அமைப்பை அணைத்தேன். மேப்ஸுக்கு லொகேஷன் அனுமதியை 'Allow all the time' என்றும், பேட்டரியை 'Unrestricted' என்றும் மாற்றினேன். ஒரு பவர் பேங்கும் வாங்கிக் கொடுத்தாயிற்று. டேட்டா இல்லாத இடத்தில் இரண்டுமே கடைசி இடத்தைத்தான் காட்டும், அதற்கு மருந்தில்லை.

அவசரத் தொடர்புகளையும் அன்றே சேர்த்தேன். ஆண்ட்ராய்டில் 'Safety & emergency' பகுதியில் என் எண்ணும் அவருடைய இரத்த வகையும் உள்ளன; போன் பூட்டியிருந்தாலும் அடுத்தவர் பார்க்கலாம். பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். சட்டைப் பையில் தவறுதலாக அழுந்தக்கூடும் என்பதால், ரத்து செய்வதை முதலில் பழக்கினேன்.

விபத்து எச்சரிக்கை கூகுளின் பிக்சல் போன்களிலும் ஐபோன் 14 முதலான போன்களிலும் உண்டு. அதைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல எதுவுமில்லை. அது கார் மோதலுக்கென்று செய்தது, அப்பாவின் போன் இந்த இரண்டும் இல்லை. அதற்காகப் போன் மாற்ற எனக்கு மனமில்லை.