ரீச்சா, விற்பனையா: வெளியீட்டு வாரத்தில் எட்டாயிரம் ரூபாயைப் பிரித்த கணக்கு

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் விளையும் மலைப்பூண்டில் தொக்கு செய்து விற்கிறோம். போன வருடம் முதல் தொக்கு, இந்த வருடம் மிளகு சேர்த்த புதுத் தொக்கு. இரண்டு தடவையும் வெளியீட்டு வாரத்தின் விளம்பரக் காசு எட்டாயிரம் ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் மட்டுமே போட்டோம். ஒரு தடவை ரீச் பக்கம் அதிகம் சாய்ந்தோம், அடுத்த தடவை விற்பனைப் பக்கம். இனி எப்போது வெளியிட்டாலும் நான் விற்பனைப் பக்கம்தான்.

ரீச் என்றால் குறைந்த செலவில் எவ்வளவு பேர் கண்ணில் பட முடியுமோ அவ்வளவு பேருக்குக் காட்டுவது. விற்பனை என்றால் வாங்கவோ விசாரிக்கவோ வாய்ப்புள்ளவர்களைத் தேடிக் காட்டுவது. அதனால் ஆயிரம் பார்வைக்கான விலை இரண்டாவதில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

போன வருடம், முதலில் நாலு பேருக்குத் தெரியட்டும், அப்புறம் விற்கலாம் என்று நினைத்தோம். திங்கள் முதல் புதன் வரை ரீச்சுக்கு 4,500 ரூபாய். வியாழன் முதல் ஞாயிறு வரை எங்கள் இணையக் கடையில் வாங்க வைப்பதற்கு 3,500 ரூபாய். ரீச் நன்றாகவே போனது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த விளம்பர வீடியோவை முக்கால்வாசிக்கு மேல் பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். வியாழனன்று அவர்களுக்கே திரும்பக் காட்டினோம். கூட்டம் சிறியது என்பதால் அதே முகங்களுக்கே விளம்பரம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை காட்டியது என்று சொல்லும் `Frequency` என்ற கட்டத்தில் எண் சனிக்கிழமை ஐந்தைத் தாண்டிவிட்டது. சின்ன வட்டத்தில் அந்த எண் ஏற ஏற ஆர்டர் வரவில்லை என்றால், வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நாலு நாளில் மொத்தம் ஒன்பது ஆர்டர்.

ரீச் கெட்டது என்பதல்ல என் முடிவு. தோற்றதற்குக் காரணம் வேறு. விற்பனை விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர அமைப்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு ஆட் செட்டுக்கு, அதாவது ஒரே பார்வையாளருக்குப் போகும் ஒரு விளம்பரத் தொகுப்புக்கு, ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஐம்பது முடிவுகள் தேவை என்று மெட்டாவே சொல்கிறது. நீங்கள் ‘வாங்குதல்’ என்று குறித்திருந்தால் ஐம்பது வாங்குதல், ‘உரையாடல்’ என்று குறித்திருந்தால் ஐம்பது உரையாடல். எண்ணிக்கை வராது என்று தெரிந்தால் `Learning limited` என்று எழுதிக் காட்டும். நடுவில் பட்ஜெட்டைப் பெரிதாக ஏற்றினாலோ, படத்தை மாற்றினாலோ, பார்வையாளரை மாற்றினாலோ கற்றல் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் வெள்ளிக்கிழமை பதற்றத்தில் பட்ஜெட்டை ஏற்றினேன். மிச்சமிருந்த இரண்டு நாளும் அது புதிதாகக் கற்றுக்கொண்டே கழிந்தது.

இதை நம் காசோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எங்களிடம் குறைந்தது இரண்டு பாட்டில் வாங்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு எல்லாம் போக 160 ரூபாய் நிற்கும், ஆக ஒரு ஆர்டருக்கு 320. விளம்பரத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைக் கழித்தால் ஒரு ஆர்டரைப் பிடிக்க நான் அதிகபட்சம் 271 ரூபாய் செலவழிக்கலாம், அதற்கு மேல் போனால் கைக்காசு. போன வருடம் விற்பனைக்கு என்று ஒதுக்கிய தொகையை மட்டும் பார்த்தாலே ஒரு ஆர்டருக்கு 389 ஆனது. சரி, 271 ரூபாய்க்கே ஆர்டர் வந்தாலும் ஐம்பது வாங்குதலுக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் வேண்டும். எட்டாயிரம் வைத்திருப்பவர் ‘வாங்குதல்’ என்று குறித்தால், மொத்தக் காசையும் அதிலேயே போட்டாலும் கற்றல் முடியாது. அதில் பாதியை ரீச்சுக்குக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

“அக்கா, அம்பது பேர் வாங்கறதுதான் கஷ்டம், அம்பது பேர் விசாரிக்கறது கஷ்டமில்லையே” என்று தம்பிதான் வழி சொன்னான். இந்த வருடம் இலக்கு விற்பனையே, ஆனால் முடிவு என்று குறித்தது வாட்சாப் உரையாடல். ஒரே ஆட் செட், மூன்று படம், தமிழ்நாடு முழுக்க, நாளுக்கு 950 ரூபாய், ஏழு நாள். இடையில் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். ஒரு நாள் 950-க்கு மேலே போகும், ஒரு நாள் கீழே வரும், வாரக் கணக்கில் சரியாகிவிடும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

முதல் நாலு நாளில் 42 உரையாடல், ஒன்றுக்குச் சுமார் 90 ரூபாய். வெள்ளிக்கிழமை ஐம்பதைத் தாண்டியது. கடைசி மூன்று நாளில் 41 வந்தன, ஒன்றுக்குச் சுமார் 70 ரூபாய். 83 பேரில் 31 பேர் வாங்கினார்கள், 70 பாட்டில் போனது. ஒரு ஆர்டருக்கு 215 ரூபாய், 271-க்குள் அடங்கிவிட்டது.

இதில் ஒரு வேலை இருக்கிறது. வந்தவர்களில் பாதிக்கு மேல் வாங்கவில்லை, அத்தனை பேருக்கும் பதில் சொல்ல ஆள் வேண்டும். பலர் முதலில் கேட்டது விலையை அல்ல, “நிஜமாவே மலைப்பூண்டா?” என்றுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயருக்கு மதிப்பு இருப்பதால் சந்தேகமும் இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கும் பூண்டுக் கொத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்த பிறகு முகவரி அனுப்பியவர்கள் நிறைய. இணையக் கடைப் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பதில் சொல்ல நேரமில்லாதவர்களுக்கு உரையாடல் வழி சரிவராது.

மீதி 1,350 ரூபாயை ரீச்சுக்கு வைத்தோம், வெள்ளி முதல் ஞாயிறு வரை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் மட்டும். ஏழு ரோடு பக்கம் ஒரு கடையிலும் ஏரிச்சாலையில் ஒரு கடையிலும் எங்கள் பாட்டில் இருக்கிறது. வார இறுதியில் மலையேறி வருபவர் போனில் எதையும் ஆர்டர் செய்ய மாட்டார், கடையில்தான் வாங்குவார். அவருக்குப் பாட்டிலும் கடை வாசலும் ஒரே படத்தில் தெரிந்தால் போதும். ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் காட்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். மூன்று நாளில் இரண்டு கடையிலும் சேர்த்து 26 பாட்டில் விற்றது. ஒரு அம்மா போனை நீட்டி “இது இங்கதானே?” என்று கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். மற்ற 25-இல் எத்தனை விளம்பரத்தால், எத்தனை தற்செயலாக என்று பிரிக்க என்னிடம் வழி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கும் நடுவில் மாறியது காசைப் பிரித்த விதம் மட்டுமல்ல. வாங்கும் இடம் இணையக் கடையிலிருந்து வாட்சாப்புக்கு மாறியது, எங்கள் பெயரும் சிலருக்குப் பழகியிருந்தது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் பிரிப்பின் கணக்கில் எழுத மாட்டேன். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று செலவழிப்பவர்களுக்கு முதலில் ரீச், பிறகு விற்பனை என்ற வரிசை பலன் தரலாம். அந்த அளவில் நான் செலவழித்துப் பார்த்ததில்லை.

அடுத்து வரப்போவது பூண்டுப் பொடி. அதற்கும் ஏழு நாளும் ஒரே ஆட் செட்தான், கடை ரீச் மட்டும் வெள்ளிக்குப் பதில் வியாழன் மாலையே ஆரம்பிக்கும். மலைக்குக் கிளம்புகிறவர்கள் பை கட்டும் நேரத்தில் வத்தலக்குண்டு பக்கமும் ஒரு சின்ன வட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று தம்பி சொல்கிறான்.